லீஸுக்குக் கொடுத்த மெஷின் யார் கணக்கில் நிற்க வேண்டும்?

வாசகர் கடிதம்

ஐயா, கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. 2025 ஏப்ரல் 1 அன்று ஒரு சிஎன்சி மெஷின் வாங்கி, எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் ஒருவருக்கு நான்கு வருட லீஸுக்குக் கொடுத்தோம். நிறுவும் செலவு சேர்த்து அடக்கம் ₹12,78,492, ஜிஎஸ்டி தனி. ஒவ்வொரு மார்ச் 31லும் அவர் ₹4,00,000 தர வேண்டும். நான்கு வருடம் முடிந்ததும் விரும்பினால் ₹1,00,000 கொடுத்து மெஷினை எடுத்துக்கொள்ளலாம். அப்போது மார்க்கெட்டில் அது மூன்று லட்சமாவது போகும். இன்வாய்ஸ் எங்கள் பெயரில் இருப்பதால் மெஷினை எங்கள் சொத்தில் காட்டி, 15 வருட ஆயுளுக்குத் தேய்மானம் போட்டு, 4 லட்சத்தையும் வாடகை வருமானமாக எழுதினோம். ஆடிட்டர் இது தப்பு என்கிறார். எங்கள் கணக்குப்பிள்ளையோ, மொத்த லாபத்தை நான்கால் வகுத்து வருடத்துக்கு இவ்வளவு வட்டி என்று போட்டால் போதும் என்கிறார். மெஷினைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வருமான வரியில் தேய்மானம் போய்விடாதா? வட்டி என்றால் ஜிஎஸ்டி உண்டா? 2025-26 கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை.

ஆடிட்டரின் பதில்

கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை என்பது நல்ல சமயம். முந்தைய வருடத் தவறு என்று தனியாகக் காட்ட வேண்டிய அவசியமில்லை, இந்த வருடப் பதிவுகளையே திருத்திவிடலாம். உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. கணக்குப்பிள்ளை பாதி தூரம் சரியாக வந்திருக்கிறார், மீதிப் பாதியில்தான் சிக்கல்.

நம் ஊரில் லீஸ் என்றதும் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான் பலருக்கு நினைவு வரும். உங்கள் ஒப்பந்தம் அந்த வகை இல்லை. மெஷினை நான்கு வருடமும் அவர்தான் ஓட்டுகிறார், ரிப்பேரும் தேய்மானமும் அவர் தலையில். கடைசியில் மூன்று லட்சம் பெறும் மெஷின் ஒரு லட்சத்துக்குக் கிடைக்கும் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அதாவது மெஷினின் பலனும் அபாயமும் முதல் நாளே அவரிடம் போய்விட்டன. உங்களிடம் மிச்சம் இருப்பது அவரிடமிருந்து வரவேண்டிய பணம் மட்டுமே. உங்களைப் போன்ற கம்பெனிகளுக்குப் பொருந்தும் கணக்கியல் தரம் ஏஎஸ் 19. அது இப்படிப்பட்டதை ஃபைனான்ஸ் லீஸ் என்கிறது. இன்வாய்ஸ் யார் பெயரில் என்பதை அது முக்கியமாகப் பார்ப்பதில்லை. பலனும் அபாயமும் யாரிடம் என்பதைத்தான் பார்க்கிறது. எனவே உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் மெஷின் இருக்கக் கூடாது. அதற்குப் பதில் "வரவேண்டிய லீஸ் தொகை" என்ற சொத்து இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடியே விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 15 வருட ஆயுள், 5 சதவீத மிச்ச மதிப்பு என்று வைத்தால் வருடத் தேய்மானம் ₹80,971. நான்கு லட்சத்தில் இதைக் கழித்தால் முதல் வருட லாபம் ₹3,19,029. நான்கு வருடமும் இப்படியே அழகாக லாபம் காட்டிக்கொண்டு வருவீர்கள். நான்காவது வருடக் கடைசியில் கணக்கில் ₹9,54,608 மதிப்புள்ள மெஷினை ஒரு லட்சத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அன்று ஒரே நாளில் ₹8,54,608 நஷ்டம் வரும். இடையில் அந்த லாபத்தை நம்பி டிவிடெண்ட் எடுத்திருந்தால், எடுத்தது லாபமே இல்லை, உங்கள் முதல்தான்.

வட்டி விகிதம் எங்கிருந்து வருகிறது

உங்கள் ஒப்பந்தத்தில் வட்டி என்ற சொல்லே இருக்காது. ஆனால் வட்டி உள்ளே ஒளிந்திருக்கிறது. நீங்கள் இன்று போட்டது ₹12,78,492. திரும்ப வருவது நான்கு தடவை நான்கு லட்சம், அப்புறம் ஒரு லட்சம், ஆக 17 லட்சம். வித்தியாசம் ₹4,21,508தான் உங்கள் முழு வருமானம். கடைசி ஒரு லட்சத்தையும் சேர்க்கிறோம், ஏனென்றால் அவர் அதைக் கட்டி மெஷினை எடுத்துக்கொள்வார் என்பது ஆரம்பத்திலேயே உறுதியாகத் தெரிகிறது.

வரப்போகும் இந்தத் தொகைகளை எந்த வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சரியாக ₹12,78,492 வருமோ, அதுதான் ஒப்பந்தத்தில் பொதிந்த வட்டி. எக்செலில் இப்படி அடித்துப் பாருங்கள்:

```
=RATE(4,400000,-1278492,100000)
```

12 சதவீதம் வரும். ஒரு எச்சரிக்கை: இது வருடக் கடைசியில் வாடகை வருவதால் போட்ட சூத்திரம். வாடகையை முன்கூட்டியே வாங்கும் ஒப்பந்தமாக இருந்தால், அடைப்புக்குள் கடைசியாக `,1` சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் முதல் தவணை முழுவதும் அசல்தான், அதில் வட்டி கிடையாது. மாத வாடகை என்றால் 48 தவணை என்று போட்டு மாத விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வருட விகிதத்தை எடுத்து 12ஆல் வகுத்துப் போட்டு, கடைசியில் மிச்சம் ஒத்துவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் நான்கால் வகுக்கக் கூடாது

கணக்குப்பிள்ளை சொல்வது போல ₹4,21,508ஐ நான்கால் வகுத்தால் வருடத்துக்கு ₹1,05,377. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வருடம் முழுக்க உங்கள் பணம் ₹12.78 லட்சம் அவரிடம் இருந்தது. நான்காவது வருடம் அவரிடம் இருக்கப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். இரண்டு வருடத்துக்கும் ஒரே வட்டி போட்டால், முதல் வருடம் 8.2 சதவீதமும் நான்காவது வருடம் 26.7 சதவீதமும் சம்பாதித்ததாகக் கணக்கு சொல்லும். வெளியில் நிற்கும் தொகைக்கு ஒரே விகிதத்தில் வட்டி வர வேண்டும் என்பதுதான் தரத்தின் விதி. வட்டிக்குக் கொடுத்து வாங்கிப் பழகிய யாருக்கும் இது புதிதில்லை, குறையும் அசலுக்குக் குறையும் வட்டி.

உங்கள் லீஸுக்கு அட்டவணை இப்படி வரும்:

| வருடம் | ஆரம்ப மிச்சம் | 12% வட்டி | அசலில் கழிவது | முடிவு மிச்சம் |
|---|---|---|---|---|
| 2025-26 | 12,78,492 | 1,53,419 | 2,46,581 | 10,31,911 |
| 2026-27 | 10,31,911 | 1,23,829 | 2,76,171 | 7,55,740 |
| 2027-28 | 7,55,740 | 90,689 | 3,09,311 | 4,46,429 |
| 2028-29 | 4,46,429 | 53,571 | 3,46,429 | 1,00,000 |

கடைசி மிச்சம் சரியாக ஒரு லட்சத்தில் வந்து நிற்கிறது, அதை அவர் கட்டியதும் கணக்கு முடிந்தது. அட்டவணை சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. சில்லறைக்கு மேல் ஏதாவது மிஞ்சினால் விகிதம் தவறு, அல்லது தவணை தேதி தவறு.

சரி, இந்த வட்டியை வைத்து வரி கட்டுவதும் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை, வகுத்தே போட்டால் என்ன என்று நினைக்கலாம். இரண்டாவது வருடக் கடைசியில் அவர் வந்து, "அண்ணே, பாக்கியை மொத்தமா கட்டிடறேன், மெஷினை எனக்கே எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது அடிக்கடி நடப்பது. நான்கால் வகுத்த லெட்ஜரில் அன்று பாக்கி ₹6,89,246 என்று இருக்கும். உண்மையில் அவர் தர வேண்டியது ₹7,55,740. லெட்ஜரைப் பார்த்துத் தொகை சொன்னால் ₹66,494 உங்கள் கையை விட்டுப் போகும்.

பதிவுகள்

லெட்ஜர் இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்று "வரவேண்டிய லீஸ் தொகை", இன்னொன்று "இன்னும் ஈட்டாத லீஸ் வட்டி". 2025 ஏப்ரல் 1 தேதியில் முதலாவதில் ₹17,00,000 பற்று. வரவில் மெஷின் கணக்குக்கு ₹12,78,492, ஈட்டாத வட்டிக்கு ₹4,21,508. மெஷின் கணக்கு அன்றே சுழியாகிவிடும். லாபம் ஒரு பைசாவும் அன்று வராது, ஏனென்றால் நீங்கள் மெஷின் விற்கும் டீலர் இல்லை, வாங்கிய விலைக்கே கொடுத்திருக்கிறீர்கள்.

மார்ச் 31 அன்று வாடகை வந்ததும் வங்கி பற்று, வரவேண்டிய லீஸ் தொகை வரவு ₹4,00,000. டிடிஎஸ் ஏதும் அவர் பிடித்திருந்தால், பிடித்ததைத் தனியாக டிடிஎஸ் கணக்கில் பற்று வைத்து, லீஸ் கணக்கில் முழு நான்கு லட்சத்தையும் வரவு வையுங்கள். அதே நாளில் ஈட்டாத வட்டியில் ₹1,53,419 பற்று, லீஸ் வட்டி வருமானத்தில் வரவு. வாடகை தாமதமாகி மே மாதம் வந்தாலும் இந்த வட்டிப் பதிவு மார்ச் 31லேயே வர வேண்டும், அவர் கட்டுவார் என்ற நம்பிக்கை இருக்கும் வரை. ஏற்கெனவே போட்டிருக்கும் வாடகை வருமானத்தையும் ₹80,971 தேய்மானத்தையும் திருப்பிவிடுங்கள். காட்டியிருந்த ₹3,19,029 லாபம் ₹1,53,419 ஆக இறங்கும். பார்க்க மனசு கஷ்டப்படும், ஆனால் நீங்கள் சம்பாதித்தது அவ்வளவுதான்.

பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு லெட்ஜரையும் நேர் செய்து, ₹10,31,911 என்று ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அடுத்த 12 மாதத்தில் அசலில் வரப்போகும் ₹2,76,171 நடப்புச் சொத்து, மீதி ₹7,55,740 நீண்டகாலச் சொத்து. அடுத்த வருடம் வரப்போவது நான்கு லட்சம் என்று நான்கு லட்சத்தையும் நடப்புச் சொத்தில் போடும் தவறு மிகவும் சகஜம். அதில் இன்னும் சம்பாதிக்காத வட்டியும் கலந்திருக்கிறது. ஓவர்டிராஃப்ட் கொடுத்திருக்கும் வங்கி கரண்ட் ரேஷியோ பார்க்கும்போது இந்தத் தவறு உங்களுக்குச் சாதகமாகத் தெரியும், அதனாலேயே கவனமாக இருங்கள்.

வருமான வரி வேறு பாதை

உங்கள் பெரிய பயம் இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பயம் வேண்டாம். வருமான வரியில் தேய்மானம் சட்டப்படி உரிமையாளருக்கு, அதாவது உங்களுக்கு. ஏஎஸ் 19 வந்தபோதே இந்தக் கேள்வி எழுந்தது. கணக்கில் மெஷின் யார் பக்கம் இருக்கிறது என்பது வரித் தேய்மானத்தைப் பாதிக்காது என்று நேரடி வரிகள் வாரியம் 2001ல் தன் 2ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. 2013ல் ஐசிடிஎஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் லீஸுக்குக் கொடுத்த நிறுவனத்துக்கே தேய்மானம் உண்டு என்றது. அது லாரிகளை லீஸுக்குக் கொடுத்த நிறுவனம், ஆர்சி புத்தகம் வாடிக்கையாளர் பெயரில் இருந்தும் தீர்ப்பு அப்படி வந்தது.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வரித் தேய்மானம் உங்களுக்கு என்றால், வாடகை முழுவதும் உங்கள் வருமானம். முதல் வருடம் நான்கு லட்சத்தில் 15 சதவீதத் தேய்மானம் ₹1,91,774 போக, வரிக்குரியது ₹2,08,226. கணக்கில் வந்ததோ ₹1,53,419. இந்த ₹54,807 வித்தியாசத்துக்கு இன்றே வரி கட்டுகிறீர்கள், பலன் பின்னால் வரும். கம்பெனி 25.168 சதவீத விகிதத்தில் இருந்தால் ₹13,794ஐ ஒத்திவைத்த வரிச் சொத்தாகக் காட்டலாம்.

நான்கு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. வரிக் கணக்கில் உங்கள் வருமானம் ₹9,88,889 ஆகியிருக்கும், கணக்குப் புத்தகத்தில் ₹4,21,508. மீதி ₹5,67,381 எங்கே? மெஷினை ஒரு லட்சத்துக்குக் கொடுத்த பிறகும், ஒரே விகிதத்தில் தேயும் மெஷின்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வரித் தேய்மானத் தொகுதியில் கழிக்கப்படாமல் நிற்கிறது. உங்களிடம் 15 சதவீதத் தொகுதியில் வேறு மெஷின்கள் இருப்பதால் அது பிற்காலத்தில் மெல்ல மெல்லத் தேய்மானமாகக் கிடைத்துவிடும். தொகுதியில் இந்த ஒரு மெஷின்தான் என்ற நிலையில் இருப்பவருக்கு, அது குறுகிய கால மூலதன நஷ்டமாகிவிடும். மூலதன ஆதாயத்தில்தான் கழிக்க முடியும், வியாபார லாபத்தில் கழிக்க முடியாது. லீஸுக்கென்றே தனியாக ஒரு கம்பெனி தொடங்கலாம் என்ற யோசனை உங்களுக்கு வந்தால், இந்த ஒரு விஷயத்தை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த லீஸுக்கு வாடகை நிர்ணயிக்கும்போதும் 12 சதவீதம் வரிக்கு முந்தியது என்பதையும், வரி முன்னால் போகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜிஎஸ்டி

கணக்கில் வட்டி என்று பிரித்து எழுதுவதால் ஜிஎஸ்டி குறையாது. கடன் வட்டிக்கு இருக்கும் விலக்கு உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் கொடுத்தது கடன் இல்லை, பொருளைப் பயன்படுத்தும் உரிமை. எனவே முழு நான்கு லட்சத்துக்கும் 18 சதவீதம், ₹72,000. மெஷின் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதனால்தான் அடக்கத்தில் அதைச் சேர்க்காமல் விட்டது சரி. வாடகையோடு வரும் ₹72,000ஐயும் லீஸ் அட்டவணைக்குள் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் வட்டி விகிதமே மாறிவிடும். கடைசியில் மெஷினைக் கொடுக்கும்போது அந்த ஒரு லட்சத்துக்கும் ஜிஎஸ்டி தனியாக உண்டு.

ஒப்பந்தத்தின் வாசகத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். "விரும்பினால் ஒரு லட்சத்துக்கு வாங்கலாம்" என்று இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். "எல்லாத் தவணையும் கட்டியதும் மெஷின் அவருக்கே சொந்தம்" என்று இருந்தால், ஜிஎஸ்டி சட்டம் அதைப் பொருள் விற்பனையாகவே பார்க்கும். அப்போது வரியைத் தவணைதோறும் அல்ல, ஆரம்பத்திலேயே கட்ட வேண்டிய கேள்வி வரும். அந்த வாசகம் உங்கள் பத்திரத்தில் இருந்தால், ரிட்டர்ன் போடும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம்

அவர் தவணை கட்டத் தவறினால் அட்டவணைப்படி வட்டியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பணம் வருமா என்ற சந்தேகம் வந்த நாளிலிருந்து வட்டியை வருமானமாகக் காட்டுவதை நிறுத்த வேண்டும். அப்புறம், நிற்கும் பாக்கியையும், மெஷினைத் திருப்பி எடுத்து விற்றால் என்ன வரும் என்பதையும் ஒப்பிட்டு, குறையும் தொகைக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும். சிஎன்சி மெஷின் முதல் இரண்டு வருடத்தில்தான் வேகமாக மதிப்பிழக்கும், உங்கள் பாக்கி அந்தச் சமயத்தில்தான் அதிகமாக நிற்கும்.

மற்றது, இது நன்றாக இருக்கிறது என்று இன்னும் நாலைந்து பேருக்குக் கொடுக்க ஆரம்பித்தால். வரவேண்டிய லீஸ் தொகை நிதிச் சொத்து. கம்பெனியின் மொத்தச் சொத்தில் நிதிச் சொத்து பாதிக்கு மேல், மொத்த வருமானத்தில் நிதிச் சொத்திலிருந்து வருவதும் பாதிக்கு மேல் என்று இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தால், ரிசர்வ் வங்கியின் பார்வையில் நீங்கள் நிதி நிறுவனம், பதிவு இல்லாமல் நடத்த முடியாது. பம்ப் உதிரிபாகம் முதன்மைத் தொழிலாக இருக்கும் வரை ஒரு லீஸால் அந்த நிலை வராது. எண்ணிக்கை கூடும்போது வருடாவருடம் மார்ச் 31 அன்று இந்த இரண்டு விகிதங்களையும் போட்டுப் பார்க்கக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.